டிஸ்க்கின் கடைசி செக்டரில் ஒரு நகல்

ஒரு டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷன் எந்த செக்டரில் தொடங்கி எதில் முடிகிறது என்ற விவரம் ஜிபிடி அட்டவணையில் இருக்கிறது. 512 பைட் செக்டர் கொண்ட டிஸ்க்கில் 1ஆம் செக்டரில் அதன் தலைப்பும், வழக்கமாக 2 முதல் 33 வரை பார்ட்டிஷன் பட்டியலும் இருக்கும். இதே விவரம் டிஸ்க்கின் கடைசியிலும் உண்டு. அங்கே வரிசை தலைகீழ்: முதலில் பட்டியல், கடைசி செக்டரில் தலைப்பு. தலைப்பில் சரிபார்ப்பு எண்களும் இருப்பதால், எந்தப் பிரதி கெட்டது என்பதை மென்பொருளே கண்டுகொள்ளும்.

லினக்ஸில் `dd` கட்டளையைத் தவறான டிஸ்க்குக்குக் கொடுத்து, 1 டிபி டிஸ்க் ஒன்றின் முதல் 1 எம்பி பூஜ்யங்களாகிவிட்டது என்று கொள்வோம். முன்பக்க அட்டவணை முழுவதும் போயிற்று. 0ஆம் செக்டரிலிருந்த பாதுகாப்பு எம்பிஆரும் போயிற்று. ஆனால் முதல் பார்ட்டிஷன் பொதுவாக 2048ஆம் செக்டரில், அதாவது சரியாக 1 எம்பி தாண்டித்தான் தொடங்கும். எனவே கோப்புகள் மேல் ஒரு கீறலும் இல்லை. இந்த டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் "Initialize Disk" என்று கேட்கும். அதற்குச் சம்மதிப்பதுதான் பெரிய ஆபத்து: புதிய காலி அட்டவணை கடைசியிலுள்ள நல்ல நகலையும் அழித்துவிடலாம்.

பழுதுபார்க்க லினக்ஸின் `gdisk` போதும். டிஸ்க்கின் பெயரை முதலில் `lsblk` கொண்டு உறுதிசெய்ய வேண்டும். இங்கே அது `sdb`.

```
sudo gdisk /dev/sdb
```

எம்பிஆரும் இல்லாததால், இருக்கும் ஜிபிடியைப் பயன்படுத்தவா, காலியானதை உருவாக்கவா என்று அது கேட்கும். முதலாவதான "Use current GPT"தான் சரி. பிறகு `p` அழுத்தினால் பழைய பார்ட்டிஷன்கள் பட்டியலில் வரவேண்டும். அளவுகள் நினைவிலிருப்பவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் `q` கொடுத்து வெளியேறிவிடலாம்; அதுவரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படுவதில்லை. ஒத்துப்போனால், `r` வழியாக மீட்பு மெனுவுக்குச் சென்று `b` (கடைசித் தலைப்பிலிருந்து முன்தலைப்பு), `c` (கடைசிப் பட்டியலிலிருந்து முன்பட்டியல்) கொடுக்க வேண்டும். அடுத்து `x`, `n` கொடுத்தால் புதிய பாதுகாப்பு எம்பிஆர் தயாராகும். `v` குறையேதும் சொல்லாவிட்டால் `w`. டிஸ்க்கைக் கழற்றிச் செருகியதும் பார்ட்டிஷன்கள் தெரியும். முதல் தடவை படிக்க மட்டும் திறந்து, முக்கியமானவற்றை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்வது நல்லது.

கடைசி நகலே தென்படாவிட்டால் யூஎஸ்பி பெட்டியைச் சந்தேகிக்கலாம். சில பெட்டிகள் செக்டர் அளவை 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். சில, கடைசிச் செக்டர்களை மறைத்துவிடும். டிஸ்க்கை நேரடியாக மதர்போர்டில் இணைத்துப் பார்த்தால் நகல் கிடைக்கக்கூடும். டிஸ்க்கே பழுதாகி, படிப்பதில் பிழை வந்தால், முதலில் `ddrescue` கொண்டு முழுப்பிரதி எடுத்து அந்தப் பிரதியில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இந்த முறை மீட்பது எல்லைகளை மட்டுமே. `dd` 1 எம்பியோடு நிற்காமல் ஒரு ஐஎஸ்ஓவையே எழுதியிருந்தால், பார்ட்டிஷன் திரும்பினாலும் அதன் தொடக்கத்திலுள்ள கோப்பு முறைமை சிதைந்திருக்கும். இரண்டு நகல்களும் போயிருந்தால், பார்ட்டிஷன்களின் அடையாளங்களை டிஸ்க் முழுதும் தேடும் டெஸ்ட்டிஸ்க் போன்ற மென்பொருள்தான் அடுத்த வழி.