விவரி, விளக்கு, மதிப்பிடு: கேள்வி எதைக் கேட்கிறது?

மாணவர்களே, சுற்றுச்சூழல் அறிவியல் தாளின் நீண்ட விடைகளைத் திருத்தும்போது நான் அடிக்கடி காண்பது இதுதான்: எழுதியதெல்லாம் சரி, ஆனால் கேள்வி கேட்டது அதுவல்ல. கட்டளைச் சொல்லைக் கவனிக்காததால் வரும் இழப்பு இது. நமக்குப் பழகிய புகைமூட்டத்தை வைத்து மூன்று கட்டளைச் சொற்களைப் பார்ப்போம்.

ஒரு வரைபடத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு திங்களன்று 60, வியாழனன்று 180, சனியன்று 90 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

“மாற்றத்தை விவரி” என்றால் கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். “குறியீடு திங்கள் முதல் வியாழன் வரை 60இலிருந்து 180ஆக, மூன்று மடங்கு உயர்ந்தது. சனிக்கிழமை 90ஆகக் குறைந்தது. எனினும் திங்களன்று இருந்த அளவுக்கு இறங்கவில்லை.” போக்கும் எண்களும் இதில் உள்ளன. “காற்று புகையைக் கொண்டுவந்தது” என்று சேர்த்தால் அதற்குப் புள்ளி இல்லை. அது காரணம், இங்கே யாரும் காரணம் கேட்கவில்லை.

“பீட் எனப்படும் கரிமண் நிலத்தில் பற்றும் தீயை அணைப்பது ஏன் கடினம் என விளக்கு” என்றால் காரணங்களைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடிக்கிறார்கள். அதனால் நிலத்தடி நீர்மட்டம் இறங்குகிறது. ஆகவே, பாதி மட்கிய தாவரங்களால் ஆன கரிமண் காய்ந்து எளிதில் எரியும் நிலைக்கு வருகிறது. தீ மண்ணுக்குள்ளேயே கனன்று பரவுவதால், மேலே ஊற்றும் நீர் அதை முழுமையாக எட்டுவதில்லை. “அதனால்”, “ஆகவே” என்ற சொற்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விவரிப்பு மட்டுமே.

“புகைமூட்டத்தைக் கட்டுப்படுத்த மேக விதைப்பு எவ்வளவு பயனுள்ளது என மதிப்பிடு” என்ற கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நன்மை இரண்டு, தீமை இரண்டு எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அது பட்டியல், மதிப்பீட்டுக்குத் தீர்ப்பு வேண்டும். இப்படி எழுதலாம்: “மழை பெய்தால் காற்றிலுள்ள துகள்கள் குறையும். ஆனால் ஏற்கெனவே தகுந்த மேகங்கள் இருந்தால்தான் மேக விதைப்பு பலிக்கும். வறண்ட பருவத்தில் அவை குறைவு. மண்ணுக்குள் எரியும் தீயைச் சிறு மழை அணைக்காது. கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தினால் கரிமண் ஈரமாகவே இருக்கும். ஆனால் அதற்குக் காலமும் நில உரிமையாளர்களின் ஒத்துழைப்பும் தேவை. ஆகவே, மேக விதைப்பு தற்காலிக நிவாரணம் மட்டுமே. புகைமூட்டம் மீண்டும் வராமல் தடுக்கக் கால்வாய் அடைப்பே மேலானது.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எந்த அளவுகோலில் எது மேல் என்று அது சொல்கிறது. உங்கள் தீர்ப்பு வேறாக இருக்கலாம்; ஆனால் அது மேலே நீங்கள் எழுதிய காரணங்களிலிருந்தே பிறக்க வேண்டும்.