பதினோரு வருஷ அனுபவத்துக்கு என்ன மதிப்பு?

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சவூதியில் 11 வருஷம் பைப் வெல்டராக இருந்துவிட்டுத் திரும்பினார். திருச்சி துவாக்குடி பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் வேலை தேடினார். “தம்பி, இத்தனை வருஷம் வெல்டிங் அடிச்சிருக்கேன். மறுபடியும் டெஸ்ட் எதுக்குங்கறேன்?” என்று கேட்டார். நானும் வெல்டிங் ஆய்வில் இருப்பவன். அவர் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன்.

வெல்டர் சான்றிதழ் வருஷக் கணக்கைச் சொல்லாது. எந்த முறை, எந்த நிலை, எவ்வளவு தடிமன், எவ்வளவு விட்டம் என்றுதான் சொல்லும். அண்ணன் டிக் முறையில், 6 அங்குல பைப்பில், 6ஜி நிலையில் தேறியவர். அதாவது 45 டிகிரி சாய்த்து, அசையாமல் பொருத்திய பைப். பைப்பின் எல்லா நிலைகளுக்கும் இது செல்லும். பைப்பின் சுவர் சுமார் 11 மி.மீ. ஆஸ்மி பிரிவு 9 விதிப்படி அதன் இரட்டிப்பு, 22 மி.மீ. வரை அவர் அடிக்கலாம்.

இடிப்பது விட்டத்தில். 6 அங்குலத்தில் எழுதிய டெஸ்ட், 73 மி.மீ.க்குக் குறையாத வெளிவிட்டத்துக்கு மட்டுமே செல்லும். கொதிகலன் குழாய்களோ பெரும்பாலும் 51 மி.மீ. மாதிரி சின்னது. கை நுழைய இடமில்லாத அந்த வேலைக்கு அவர் சான்று பேசவே பேசாது. போதாக்குறைக்கு, இந்தியாவில் கொதிகலன் வெல்டிங்குக்கு ஐ.பி.ஆர். விதிப்படி தனிச் சான்று வேண்டும். சவூதிச் சான்று அதற்கு ஈடாகாது.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு முறையில் ஆறு மாதத்துக்கு மேல் வெல்டிங் செய்யாமல் இருந்தால், அந்த முறைக்கான தகுதி காலாவதி. ஊருக்கு வந்து வீடு கட்டி முடித்துவிட்டு, எட்டு மாதம் கழித்து வேலை தேடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். ஆகவே கிளம்பும் முன் சான்றிதழ் நகலோடு, கடைசி மாதங்களில் எந்த முறையில் வெல்டிங் செய்தீர்கள் என்ற பதிவின் நகலையும் கம்பெனியில் கேட்டு வாங்குங்கள். திரும்பிய பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

அப்படியானால் 11 வருஷம் வீணா? இல்லை. காகிதம் டெஸ்டுக்குக் கூப்பிட வைக்கும். கை டெஸ்டில் தேற வைக்கும். அண்ணனை 51 மி.மீ. குழாயில் பத்து நாள் பழகச் சொன்னேன். பெரிய பைப்பில் பழகிய கைக்குச் சின்னக் குழாயில் அடிக்கடி கோணம் மாற்றவேண்டியிருப்பதுதான் சிக்கல். முதல் இரண்டு துண்டுகளில் எக்ஸ்ரேயில் வேர்ப்பகுதி சரியாக உருகாதது தெரிந்தது. மூன்றாவது சுத்தம். பிறகு ஐ.பி.ஆர். தேர்வு எழுதித் தேறினார்.

இப்போது பட்டறையில் அவருக்குக் கொடுப்பது, மற்றவர்கள் அடித்து எக்ஸ்ரேயில் விழுந்த இணைப்புகளைத் திருத்தும் வேலை. அந்த 11 வருஷத்துக்குக் கூலி கிடைப்பது அங்கேதான்.