பில் தொலைந்தாலும் விற்பனை கணக்கில் இருக்கும்

வாங்கிப் பன்னிரண்டு நாளான மிக்சி சட்னி அரைக்கும்போது கருகிய வாடையடித்து நின்றுவிடுகிறது. வீட்டம்மா அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். கவுண்டரில் முதல் கேள்வி, "பில் இருக்காம்மா?" இல்லை. காய்கறிக் கூடையோடு போயிருக்கலாம், அல்லது வெயில் பட்டு எழுத்தே மறைந்திருக்கலாம். இப்போதைய பில்கள் வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருவதால் பத்திரப்படுத்தினாலும் மங்கிவிடும். "பில் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று கடைக்காரர் அனுப்பிவிட்டால் பேச்சு முடிந்ததா?

முடியவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடவில்லை என்றால் 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். பில் என்பது இந்தக் கடையில், இந்த நாளில், இந்த விலைக்கு வாங்கியதைக் காட்டும் சான்று. அதே சான்று கடையின் கணினியிலும் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவுள்ள கடை தன் விற்பனைக் கணக்கைப் பல ஆண்டுகள் வைத்திருந்தாக வேண்டும். ஆனால் பிடிக்கவில்லை, நிறம் ஒத்துவரவில்லை என்பதற்காகத் திருப்பும் உரிமையை இந்தச் சட்டப்பிரிவு தரவில்லை. அது கடையின் விதியைப் பொறுத்தது.

தேடுவது எப்படி? யுபிஐயில் பணம் கட்டியிருந்தால் வேலை சுலபம். கைப்பேசியில் பழைய பரிவர்த்தனையைத் திறந்தால் தேதி, நேரம், தொகை, 12 இலக்கக் குறிப்பு எண் எல்லாம் இருக்கும். நம் வீட்டம்மாவின் கைப்பேசி இரவு 7.42, ரூ.4,140 என்று காட்டுகிறது. கவுண்டர் பையன் மிக்சி விலையான 4,000 ரூபாயைத் தேடினால் எதுவும் அகப்படாது. ஏனென்றால் அன்று அவர் 600 ரூபாய்க்குத் தோசைக்கல்லும் வாங்கினார். மொத்தம் 4,600க்கு 10 சதவீதத் தள்ளுபடி போக 4,140. தேட வேண்டியது பில்லின் மொத்தத் தொகையை. அதே தொகையில் இரண்டு பில் வந்தால், 7.42க்குச் சற்று முன் போட்டது எது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ரொக்கமாகக் கட்டியிருந்தால் கடையில் கொடுத்த கைப்பேசி எண்ணை வைத்துத் தேடலாம். அதுவும் இல்லையென்றால் அந்த மாடல் விற்ற பில்களை மட்டும் எடுக்க வேண்டும். பிறகு "கூட என்னம்மா வாங்கினீங்க?" என்று கேட்க வேண்டும். பில்லை வாசித்துக் காட்டிவிட்டு "இதுதானே?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் யாரும் ஆமாம் என்பார்கள். வேறொருவர் வாங்கியது என்ன என்பதும் வெளியே போய்விடும்.

பில் கிடைத்தாலும் இன்னும் ஒரு படி இருக்கிறது. மிக்சியின் அடியில் ஒட்டிய சீரியல் எண்ணை பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். பில்லில் ஏற்றவில்லை என்றால் கடை முத்திரையிட்ட வாரண்டி அட்டையில் இருக்கலாம். வேறு கடையில் வாங்கியதை இங்கே தள்ளுவதையும், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போவதையும் தடுப்பது இந்த ஒப்பீடுதான். அந்த பில்லில் ஏற்கெனவே ரிட்டர்ன் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, ரிட்டர்னைப் பழைய பில்லைத் திறந்து அதிலிருந்தே போட வேண்டும். தனியாகப் போட்டால் கணினி இன்றைய விலையை எடுத்துக்கொள்ளும். பழைய பில்லிலிருந்து போட்டால் தள்ளுபடியும் வரியும் அன்று இருந்தபடியே வரும். இவருக்குச் சேர வேண்டியது 4,000 இல்லை, 10 சதவீதம் போக 3,600. இதற்குக் கடை கொடுக்கும் சீட்டு கிரெடிட் நோட். அதில் பழைய பில் எண் இருக்கும். பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில் போவதே இருவருக்கும் பாதுகாப்பு.

கணக்கைப் பார்க்கவே கடை மறுத்தால், பழுதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் பதிவாக நிற்கும். யுபிஐ பதிவு, அட்டைப்பெட்டி, சீரியல் எண்ணின் படம் ஆகியவற்றைச் சேர்த்துவைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வாங்கிய அன்றே பில்லைப் படம் பிடித்துவைத்திருந்தால் இத்தனை தேடலும் தேவைப்பட்டிருக்காது.