முதல் பத்து நொடி, கடைசி இருபது நொடி

யூடியூப் சேனல் தொடங்கும் பலர், லோகோ சுழன்று வர இசை ஒலிக்கும் ஒரு முகப்பைத்தான் முதலில் தயார் செய்கிறார்கள். அதன்பின் நீண்ட வரவேற்பு. ஐம்பதாவது வீடியோவிலும் அதுவே வந்தால், பழகியவர்கள் அதைத் தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள். புதிதாக வந்தவரோ, தேடியது இங்கே கிடைக்குமா என்று தெரியாமலே வெளியேறிவிடுவார்.

தொடக்கத்தை மாறும் வரி, மாறாத வரி என்று பிரித்து எழுதினால் இந்தச் சிக்கல் தீரும். மாடித்தோட்டச் சேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்றைய வீடியோ, தக்காளி இலைச் சுருட்டல் பற்றியது.

"தக்காளி இலை சுருண்டுக்கிட்டே போகுதா? இலையைத் திருப்பிப் பாருங்க, வெள்ளை ஈ இருக்கலாம். இது நம்ம மாடித்தோட்டம். தொட்டியில காய்கறி வளர்க்கிறவங்களுக்கான இடம்."

நிதானமாகப் பேசினாலும் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். முதல் இரண்டு வாக்கியங்களும் வீடியோவுக்கு வீடியோ மாறும். பார்ப்பவரின் பிரச்சினையைச் சொல்வது அவைதான். கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டும் எப்போதும் அப்படியே இருக்கும். அவற்றில் பண்டிகை, சந்தாதாரர் எண்ணிக்கை, "ஞாயிறுதோறும்" போன்ற வாக்குறுதி எதையும் சேர்க்கக் கூடாது. ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு அவை பழையதாகவோ பொய்யாகவோ தெரியும்.

முடிவுரையில் கவனம் வேறு. அடுத்த வீடியோவைக் காட்டும் எண்ட் ஸ்கிரீனை வீடியோவின் கடைசி 5 முதல் 20 நொடி வரைதான் வைக்க முடியும். "அவ்வளவுதான், நன்றி, மீண்டும் சந்திப்போம்" என்று சொன்னதுமே பலர் கிளம்பிவிடுவதால், அது திரையில் தோன்றும்போது பார்க்க ஆள் இருக்காது. விடைபெறுவதற்குப் பதில், இன்றைய விஷயம் எழுப்பும் அடுத்த கேள்விக்கு நகர வேண்டும்:

"ஈ போயிடுச்சு, செடியும் தேறிடுச்சு. ஆனா பூவெல்லாம் உதிருதா? அதுக்கு என்ன செய்யணும்னு இதோ இந்த வீடியோவுல இருக்கு."

"இதோ" என்று கை காட்டும் இடமும் திரையின் அமைப்பும் எல்லா வீடியோவிலும் ஒன்றே. கேள்வி மட்டும் புதிது. பேச்சு முடிந்தபின் தோட்டக் காட்சியைச் சில நொடி ஓடவிட்டால், பார்ப்பவர் விரலை வைக்க நேரம் கிடைக்கும்.

எழுதியது பலிக்கிறதா என்பதை யூடியூப் ஸ்டுடியோவில் உள்ள பார்வையாளர் தக்கவைப்பு வரைபடம் காட்டும். தொடக்கத்தில் கொஞ்சம் இறக்கம் எல்லா வீடியோவிலும் உண்டு. தலைப்பைப் பார்த்துத் தவறி வந்தவர்கள் போவது அது. ஆனால் மாறாத வரி வரும் நொடியிலேயே கோடு ஒவ்வொரு வீடியோவிலும் சரிந்தால், அந்த வரியைச் சுருக்க வேண்டும். கோடு கடைசியில் செங்குத்தாக விழுந்தால், அந்த இடத்தில் என்ன பேசினோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலும் விடைபெறும் சொல் ஒன்று இருக்கும்; முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான்.