‘உடம்பு சரியில்லையா?’

பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தினமும் ஃபவுண்டேஷன், காம்பாக்ட், மை, லிப்ஸ்டிக் என்று பழகிய ஒரு பெண், ஒரு திங்கட்கிழமை எதுவும் போடாமல் அலுவலகம் போகிறார் என்று வையுங்கள். ‘மேக்கப் போடலையா?’ என்று கேட்பவர்கள் ஓரிருவர்தான். மற்றவர்கள் ‘உடம்பு சரியில்லையா?’, ‘ராத்திரி தூங்கலையா?’ என்றே கேட்பார்கள். மூன்று நாள் இதையே கேட்டபின் நான்காம் நாள் பழையபடி கண்ணாடி முன் உட்கார்ந்துவிடுகிறவர்கள் பலர். கேட்டவர்கள் யாரும் குத்திக்காட்டவில்லை. அவர்கள் கண்ணுக்கு அந்த முகம் உண்மையிலேயே சோர்ந்துதான் தெரிகிறது. ஏன் அப்படித் தெரிகிறது என்று புரிந்துகொண்டால், மேக்கப்பை எப்படி விடுவது, கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்ற இரண்டும் பிடிபட்டுவிடும்.

அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் கல்லூரியின் உளவியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கண்ணும் உதடும் சுற்றியிருக்கும் தோலிலிருந்து எவ்வளவு எடுப்பாகத் தெரிகின்றன என்பதை அவர் அளந்தார். ஆண் முகங்களைவிடப் பெண் முகங்களில் இந்த எடுப்பு அதிகம். மையும் லிப்ஸ்டிக்கும் அதை இன்னும் கூட்டுகின்றன. அவரும் உடன் ஆய்வாளர்களும் பின்னர் செய்த ஆய்வுகளில், எடுப்பு கூடிய முகத்தை மக்கள் இளமையானது, ஆரோக்கியமானது என்று மதிப்பிட்டார்கள். வயது ஏற ஏற இந்த எடுப்பு இயற்கையாகவே குறையும் என்பதும் தெரிந்தது. ஆக, கண்ணில் மையும் உதட்டில் நிறமும் இல்லாதபோது, பார்ப்பவர் அதைச் சோர்வு என்று எடுத்துக்கொள்கிறார்.

அதோடு, அவர் ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் நேற்றைய முகத்தோடு. அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்த ஒருவருக்கு உங்கள் முகத்தில் எந்தக் குறையும் தெரியாது. புதிய முகம் கண்ணுக்குப் பழகியதும் பழைய ஆட்களும் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். மேக்கப்பை விட்டதால் தோல் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. சாதாரண ஃபவுண்டேஷனுக்கோ பவுடருக்கோ தோல் அடிமையாவதும் கிடையாது.

என் சித்தி மகள் மதுரையில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறாள். கல்லூரிக் கடைசி வருடத்தில், வேலைக்கான நேர்காணலுக்காகப் போட ஆரம்பித்தது, முப்பது வயதைத் தாண்டியும் தொடர்ந்தது. கன்னத்திலும் தாடையிலும் ரவை போலப் பொடிப் பொடியாகப் பருக்கள் வந்தன. அதை மறைக்க இன்னும் கொஞ்சம் ஃபவுண்டேஷன் போட்டாள். அதனால் பரு கூடியது. தோல் மருத்துவர் ஒரே பார்வையில் காரணத்தைச் சொல்லிவிட்டார். அழகுசாதனங்களால் வரும் இந்தப் பருவை 1972லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் கிளிக்மனும் மில்ஸும் விவரித்திருக்கிறார்கள். பெரிதாகச் சீழ் கோக்காது, வலிக்காது. அடைபட்ட துளைகள் மேடு மேடாக நிற்கும். அடைக்கும் பொருளை நிறுத்தினால் போய்விடும், ஆனால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு வாரம் விட்டுப் பார்த்து ‘ஒன்றும் குறையவில்லை’ என்று முடிவுகட்டுவது தவறு.

முதல் முயற்சியில் அவள் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டாள். அந்த வாரமே தோற்றுப்போனாள். ‘காய்ச்சலா?’ என்ற கேள்வியைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ‘என்னம்மா, இப்படிக் கறுத்துப் போயிட்ட?’ என்பதைத்தான் தாங்க முடியவில்லை. உண்மையில் அவள் கறுக்கவே இல்லை. நம் ஊரில் பலரும் செய்வதுபோல, தன் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பான ஃபவுண்டேஷனை அவள் வருடக்கணக்கில் போட்டிருந்தாள். அதுதான் அவள் நிறம் என்று அலுவலகமே நம்பியிருந்தது.

இரண்டாம் முறை வரிசையை மாற்றினாள். முதலில் தன் சொந்த நிறத்துக்குப் பொருந்தும் ஃபவுண்டேஷனுக்கு மாறினாள். கடை விளக்கில் பார்க்காமல், தாடையோரம் சிறிது தடவிக்கொண்டு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்து பார்க்க வேண்டும். கழுத்துக்கும் முகத்துக்கும் இடையே கோடு தெரியாவிட்டால் அதுதான் சரியான நிறம். முகத்தின் நிறம் மாறியதை நான்கைந்து பேர் சொன்னார்கள், பிறகு மறந்துபோனார்கள். அடுத்து ஃபவுண்டேஷனையும் காம்பாக்டையும் விட்டாள். மையும் லிப்ஸ்டிக்கும் இருந்ததால் முகத்தின் எடுப்பு குறையவில்லை, பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. பருவுக்குக் காரணமான பொருள் இந்தக் கட்டத்திலேயே போய்விட்டது. அதன்பின் லிப்ஸ்டிக் மங்கி, வெறும் லிப் பாம் ஆனது. மையைக் கடைசியில்தான் விட்டாள். எல்லோரும் மையையும் விட்டாக வேண்டும் என்றில்லை. எங்கே நிற்பது என்பது அவரவர் விருப்பம்.

இந்த இடத்தில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. ஃபவுண்டேஷன் ஒரு வகையில் வெயிலுக்குக் குடையாகவும் இருந்தது. அதற்குப் பழுப்பு நிறம் தரும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த ஒளியும் மங்கைக் கருக்க வைக்கும். கன்னத்தில் மங்கு உள்ளவர்கள் ஃபவுண்டேஷனை விட்டுவிட்டு எதுவும் பூசாமல் வண்டியில் போனால் சில வாரங்களில் திட்டு அடர்த்தியாகிவிடும், ‘மேக்கப்பை விட்டதால் வந்தது’ என்ற பேச்சும் கிளம்பும். இவர்களுக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நல்லது. மற்றவர்களுக்குச் சாதாரண சன்ஸ்கிரீன் போதும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடிவரை பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெயிலில் திரிபவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். ‘எலுமிச்சம்பழம் தேய்’ என்ற அறிவுரை கட்டாயம் வரும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கருந்தழும்பு விழலாம்.

இன்னொரு எச்சரிக்கை. மேக்கப்போடு சேர்த்து ஏதாவது ‘சிவப்பழகு’ கிரீமும் போட்டுவந்தவர்கள், அதை நிறுத்துமுன் டியூபின் பின்பக்கம் படிக்க வேண்டும். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து. அதைத் திடீரென விட்டால் முகம் சிவந்து எரியும், பரு கொப்பளிக்கும். போட்டால் அடங்கும், விட்டால் பொங்கும். இப்படி நடந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், தோல் மருத்துவரிடம் போங்கள்.

இனி, கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? சக ஊழியர்களிடம் நீண்ட விளக்கம் தந்தால் அது விவாதமாகிவிடும். என் தங்கை ஒரே பதிலை வைத்திருந்தாள்: ‘நல்லா இருக்கேன் சார், மேக்கப் போடறதை விட்டுட்டேன், அவ்வளவுதான்.’ கேட்டவரின் அக்கறைக்கு முதல் பாதியிலும் குழப்பத்துக்கு இரண்டாம் பாதியிலும் விடை இருக்கிறது. ‘பருவுக்காக டாக்டர் சொன்னார்’ என்று காரணம் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. பரு போனதும் ‘அதான் சரியாயிடுச்சே, மறுபடி போடலாமே’ என்பார்கள். நிரந்தரமாக விடுவதாக இருந்தால் அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

மேலாளர் ‘கஸ்டமர் முன்னாடி கொஞ்சம் பளிச்சுனு இருக்கணும்’ என்றால், அது அவருடைய கருத்தா, நிறுவனத்தின் விதியா என்று பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் இருக்கும் விதிகள் பெரும்பாலும் சுத்தம், தலைமுடி, உடை பற்றியவை. விதியே மேக்கப் போடச் சொன்னால் நிலைமை வேறு. அமெரிக்காவில் ரீனோ நகரத்துக் காசினோ ஒன்றின் மதுக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்த டார்லீன் ஜெஸ்பர்சன், புதிதாக வந்த மேக்கப் விதியை ஏற்காததால் வேலையை இழந்தார். 2006ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. காலம் மாறி, 2019ல் வர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம் பணிப்பெண்கள் மேக்கப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது. இத்தகைய விதிகள் மாறக்கூடியவைதான். ஆனால் தனியாகப் போய் மோதுவதற்குமுன் உடன் வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொண்டு பேசுவது புத்திசாலித்தனம்.

சொந்தக்காரர்களுடைய கவலை வேறு மாதிரி. அலுவலகம் காய்ச்சலைச் சந்தேகித்தால், அத்தையும் பெரியம்மாவும் வீட்டில் பிரச்சினை என்று சந்தேகிப்பார்கள். ஒரு வளைகாப்பில் என் தங்கையை ஓரமாக அழைத்துப்போன அத்தை, ‘என்னடி முகம் வாடிக் கிடக்கு? மாப்பிள்ளை ஏதும் சொன்னாரா?’ என்று கேட்டார். ‘இல்லத்தை, மையும் பவுடரும் போடலை. அவரும் நானும் நல்லாத்தான் இருக்கோம்’ என்றாள். அத்தைக்குத் தெரிய வேண்டியிருந்தது அந்த இரண்டாவது வாக்கியம்தான். உறவினர்கள் முகத்தில் தேடுவது ஃபவுண்டேஷனை அல்ல, மங்கலத்தை. பொட்டு வைத்து, பூ வைத்து, நல்ல புடவையும் கட்டியிருந்தால் அவர்களில் பாதிப்பேருக்கு மேக்கப் இல்லாதது தெரியவே தெரியாது. வைக்க விருப்பமில்லாதவர்கள் அதையும் விடலாம். ஆனால் அப்போது வரும் கேள்விகள் மேக்கப்பைப் பற்றியவை அல்ல என்பது தெரிந்திருக்க வேண்டும். நெருங்கிய கல்யாணம் என்றால் அம்மாவிடமோ மாமியாரிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மண்டபத்தில் நூறு பேருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிராது, அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. வேல்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்ட ஆய்வில், மாணவிகளின் படங்களைக் காட்டி எவ்வளவு மேக்கப் அழகாக இருக்கிறது என்று கேட்டார்கள். ஆண்களும் பெண்களும் தாங்கள் விரும்பும் அளவைக் குறைவாகவும், மற்றவர்கள் விரும்பும் அளவைக் கூடுதலாகவும் சொன்னார்கள். இல்லாத ஓர் எதிர்பார்ப்புக்காகத்தான் நாம் கூடுதலாகப் பூசிக்கொண்டிருக்கிறோம். போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். விடுவதென்று முடிவுசெய்தால் ஃபவுண்டேஷனை முதலிலும் மையைக் கடைசியிலும் விடுங்கள், சன்ஸ்கிரீனை மட்டும் விடாதீர்கள்.