நூறு பேருக்குக் கட்டுச்சோறு

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல் பொன்முடி அமைந்துள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ 1100 மீட்டர். கல்லாற்றைக் கடந்தபின் மலைப்பாதை 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. இருபுறமும் காடும் தேயிலைத் தோட்டங்களும் தொடர, உச்சியில் புல்வெளியும் மூடுபனியும் காத்திருக்கின்றன. அங்கே சென்றபின் நூறு பேருக்கு உணவு போதவில்லை என்று தெரிந்தால், திடீரென அதைத் திரட்டுவது எளிதன்று. ஆகவே, உணவின் அளவு சரிதானா என்பதை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு பள்ளியிலிருந்து மாணவர்களும் ஆசிரியர்களுமாக 100 பேர் பொன்முடிக்குச் சுற்றுலா செல்வதாகக் கொள்வோம். மதிய உணவு புளியோதரை. புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் சோறு விரைவில் கெடாமல் காப்பதால், நெடும்பயணங்களில் தமிழர் கட்டுச்சோறாகப் புளியோதரையை எடுத்துச் செல்வது வழக்கம். சமைக்கும் பொறுப்பை ஏற்ற பெற்றோரிடம் ஒரு குறிப்பு இருக்கிறது. திருநெல்வேலியில் வாழ்ந்த பாட்டி எழுதி வைத்த குறிப்பு அது.

"பத்துப் பேருக்கு: அரிசி 1 நாழி, புளி 100 கிராம், நல்லெண்ணெய் 100 கிராம், நிலக்கடலை, பருப்பு, மிளகாய், வெல்லம் வேண்டிய அளவு."

பத்துப் பேருக்கான குறிப்பை நூறு பேருக்கு மாற்ற, ஒவ்வொன்றையும் பத்தால் பெருக்க வேண்டும். அரிசி 10 நாழி. புளி 1 கிலோ. நல்லெண்ணெய் 1 கிலோ. பெருக்கலில் பிழை இல்லை. பெற்றோர் வீட்டிலிருந்த நாழியை எடுத்து, பத்து முறை அரிசி அளந்து வைத்தனர். கணக்கு முடிந்ததென்றே எவரும் எண்ணுவர்.

ஆயினும், இங்கே இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும். இந்த அரிசி முழுவதும் சோறானால், ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்?

அளந்து வைத்த அரிசியை எடை போட்டால் 2½ கிலோ இருக்கிறது. அரிசி வேகும்போது நீரை உறிஞ்சி எடை கூடும். ஒரு கிலோ அரிசி ஏறத்தாழ 2½ முதல் 3 கிலோ வரை சோறாகும். அரிசியின் வகையையும், வடிக்கும் முறையையும் பொறுத்து இது சற்று மாறும். நடுவாக 2.8 என்று கொண்டால், 2½ கிலோ அரிசி 7 கிலோ சோறாகும். புளிக்காய்ச்சலையும் சேர்க்க வேண்டும். புளிக்கரைசல் கொதித்து வற்றி, எண்ணெயும் கடலையும் சேர்ந்தபின் ஏறத்தாழ 4 கிலோ தேறுகிறது என்று கொள்வோம். மொத்தம் 11 கிலோ. அதை 100 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 110 கிராம் வரும்.

110 கிராம் மிகுதியா, குறைவா? வெறும் எண்ணைப் பார்த்து இதற்கு விடை கூறுவது கடினம். ஆகவே, பழகிய ஓர் உணவோடு அதை ஒப்பிட வேண்டும். வீட்டில் அவிக்கும் ஓர் இட்டிலி ஏறத்தாழ 50 கிராம் இருக்கும். அப்படியானால் 110 கிராம் என்பது இரண்டு இட்டிலிக்குச் சற்று மேல். மலையில் நடந்து களைத்த ஒரு மாணவனின் மதிய உணவு இரண்டு இட்டிலிதானா? உடனே பிழை தென்பட்டுவிடுகிறது.

பிழை எங்கே நேர்ந்தது? நாழி என்னும் சொல்லில் நேர்ந்தது. பழைய தமிழ் முகத்தலளவை வாய்பாட்டில் இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. அதுவே ஒரு படி. கேரளத்திலோ நாழி என்பது வேறு அளவு. அங்கே நான்கு நாழி சேர்ந்ததே ஓர் இடங்கழி. ஒரே பெயர் இரண்டு நாட்டில் இரண்டு அளவைக் குறிக்கிறது. பாட்டியின் நாழி ஏறத்தாழ 1 கிலோ அரிசி கொண்டது. திருவனந்தபுரத்து வீட்டின் நாழியோ 250 கிராம்தான் கொண்டது. ஆகவே, தேவையான அரிசியில் கால் பங்கே அளக்கப்பட்டது. பெருக்கலை மீண்டும் மீண்டும் சரிபார்த்தாலும் இப்பிழை வெளிப்பட்டிருக்காது. ஏனெனில் பெருக்கல் சரியாகவே இருந்தது. சமைத்த உணவின் எடையை ஆள் எண்ணிக்கையால் வகுத்ததே பிழையைக் காட்டிக் கொடுத்தது.

இப்போது கணக்கைத் திருத்தலாம். அரிசி 10 கிலோ என்றால் சோறு 28 கிலோ. புளிக்காய்ச்சல் 4 கிலோ. மொத்தம் 32 கிலோ. ஆளுக்கு 320 கிராம். இது ஆறு இட்டிலிக்குச் சற்று மேல். ஒரு வேளை உணவாக இதை நம்பலாம்.

இட்டிலியைப் போலவே இன்னோர் ஒப்பளவும் உண்டு. அது பள்ளிச் சத்துணவின் அளவு. தமிழ்நாட்டில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். இன்று நாடு முழுவதும் உள்ள பள்ளி மதிய உணவுத் திட்டத்தில், முதல் ஐந்து வகுப்பு மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம் என்றும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவருக்கு 150 கிராம் தானியம் என்றும் அளவு வகுக்கப்பட்டுள்ளது. இவை சமைக்காத தானியத்தின் எடை. 100 கிராம் அரிசி 280 கிராம் சோறாகும். 150 கிராம் அரிசி 420 கிராம் சோறாகும். குழம்பும் காய்கறியும் இதற்கு மேல் சேரும்.

இந்த ஒப்பளவு ஒரு புதிய செய்தியைச் சொல்கிறது. திருத்திய கணக்கில் ஆளுக்கு 100 கிராம் அரிசி வருகிறது. சுற்றுலா செல்வோர் சிறுவர்களானால் அது பொருந்தும். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களானால் சற்றுக் குறையும். ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு வடையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். இல்லையேல் அரிசியை 15 கிலோவாக உயர்த்திப் புளிக்காய்ச்சலையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். உண்பவர் யார், அந்த வேளையில் வேறு என்ன உண்பார் என்பதை அறிந்தே ஒப்பிட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பிழை எப்போதும் குறைவாகவே வரும் என்பதில்லை. பத்துப் பேருக்கான குறிப்பை ஒருவருக்கானது என்று தவறாக எண்ணி நூறால் பெருக்கினால், உணவு 320 கிலோ ஆகிவிடும். ஆளுக்கு 3 கிலோவுக்கு மேல்! அறுபது இட்டிலிக்கு நிகரான சோற்றை ஒருவரும் உண்ண இயலாது. பசியோடு திரும்புவது ஒரு துன்பம் என்றால், உண்ண ஆளின்றிச் சோறு வீணாவது இன்னொரு துன்பம். இரண்டையும் ஒரே வகுத்தல் தடுக்கிறது.

எனினும், இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, பத்து மடங்கு என்னும் பெரிய பிழைகளையே இது பிடிக்கும். பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் இது காட்டாது. உப்பு, மிளகாய் போன்றவற்றின் பிழையையும் இது காட்டாது. 32 கிலோ உணவில் உப்பு 300 கிராமுக்குப் பதிலாக 3 கிலோ விழுந்தாலும், ஆளுக்குரிய எடை 27 கிராமே கூடும். அது அரை இட்டிலி அளவு. உணவோ வாயில் வைக்க முடியாததாகிவிடும். ஆகவே உப்பைத் தனியே நோக்க வேண்டும். ஒரு கிலோ சமைத்த உணவுக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்பு என்பதை ஒப்பளவாகக் கொள்ளலாம்.

இன்னொரு மறைவும் உண்டு. அரிசி பாதியாகக் குறைந்து நீர் மிகுந்துவிட்டால், மொத்த எடை சரியாகவே தோன்றும். கிடைப்பது சோறன்று, கஞ்சி. அதனால் சமைத்த எடையோடு, ஆளுக்குரிய அரிசியின் எடையையும் சேர்த்துப் பார்ப்பது நன்று. இரண்டும் ஒப்பளவோடு பொருந்தினால், நம்பி அடுப்பு மூட்டலாம்.

அன்று பாட்டியின் குறிப்பில் "1 நாழி" என்னும் சொல்லின் அருகே, "அதாவது 1 கிலோ" என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. அடுத்த முறை அக்குறிப்பு எந்த ஊரில் உள்ளவர் கைக்குச் சென்றாலும், சோறு குறையாது.

சொற்பொருள்

கட்டுச்சோறு – பயணத்திற்குக் கட்டி எடுத்துச் செல்லும் உணவு
முகத்தலளவை – பாத்திரத்தால் முகந்து அளக்கும் அளவு
ஒப்பளவு – ஒப்பிட்டுப் பார்க்க உதவும் பழகிய அளவு
தேறுதல் – எஞ்சிக் கிடைத்தல்

பயிற்சி

1. முதல் கணக்கில் பெருக்கல் சரியாக இருந்தும் உணவு குறைந்தது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.

2. ஐந்து பேருக்கான குறிப்பின்படி 2 கிலோ தயிர்ச்சோறு கிடைக்கும். அறுபது பேருக்கு 120 கிலோ வேண்டும் என்று ஒருவர் கணக்கிட்டார். ஆளுக்கு எவ்வளவு வருகிறது? அவர் செய்த பிழை யாது? சரியான அளவைக் கூறுக.

3. வீட்டில் பெரியோர் துணையுடன் 100 கிராம் அரிசியை வேகவைத்துச் சோற்றை எடை போடுக. பாத்திரத்தின் எடையைக் கழிக்க மறவாதீர். கிடைத்த எடையைப் பாடத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுக.

4. உங்கள் வீட்டில் அரிசி அளக்கப் பயன்படும் பாத்திரத்தின் பெயர் என்ன? உங்கள் தாத்தா பாட்டியின் ஊரில் அதே பெயர் அதே அளவைக் குறிக்கிறதா? கேட்டறிந்து எழுதுக.