விவரம் தெரியாதபோது விடுப்புக் கடிதம்

குழந்தைக்காகப் பள்ளிக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் பெரும்பாலும் மூன்று இடங்கள் காலியாக நின்றுவிடும்: ஆசிரியர் பெயர், விடுப்பு நாட்கள், காரணம். மூன்றும் ஒரே எடை உள்ளவை அல்ல.

ஆசிரியர் பெயர் தெரியாதது ஒரு குறையே இல்லை. ஜூனில் வகுப்பு மாறியதும் பல பெற்றோருக்குப் புது ஆசிரியரின் பெயர் தெரிந்திருக்காது. கடிதம் பொறுப்புக்குத்தான் எழுதப்படுகிறது. ‘வகுப்பு ஆசிரியர் அவர்கள், 4ஆம் வகுப்பு, ஆ பிரிவு’ என்றால் போதும். ஆணா பெண்ணா என்பதும் தெரியாவிட்டால் ‘மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு’ என்று தொடங்கலாம். ஆனால் பிரிவை விட்டுவிட்டால் கடிதம் வேறு வகுப்புக்குப் போய்விடும்.

நாட்கள்தான் சிக்கலானவை. 2025 ஜூன் 17, செவ்வாய் இரவு ஒரு சிறுவனுக்குக் காய்ச்சல் வருகிறது என்று கொள்வோம். எப்போது குணமாகும் என்று யாருக்கும் தெரியாது. ‘____ முதல் ____ வரை’ என்று கோடு போட்டு அனுப்புவது தவறு. அதை வேறு யாரும் நிரப்பிவிட முடியும். தொடங்கும் நாளை உறுதியாக எழுதி, முடியும் நாள் பின்னர் தெரிவிக்கப்படும் என்று சொல்வதே நேர்மையானது. முடிவு தெரிந்தபின் எழுதும்போது ‘வரை’ என்பது வீட்டில் இருக்கும் கடைசி நாளைக் குறிக்க வேண்டும். 18 புதன் முதல் 20 வெள்ளி வரை என்றால் மூன்று நாட்கள். பள்ளிக்குத் திரும்பும் 23 திங்களை அங்கே எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

காரணத்தில் ஊகம் கூடாது. மருத்துவர் சொல்வதற்கு முன் ‘டெங்கு’ என்று எழுதினால் வகுப்பே பதறும். கண்ணால் கண்டதை எழுதினால் போதும். வீட்டுச் சங்கதியை விளக்க விருப்பமில்லாதவர் ‘குடும்பக் காரணம்’ என்று எழுதலாம். தொற்றுநோய் என்று உறுதியானால் மட்டும் மறைக்கக் கூடாது. சின்னம்மையில் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பக்குக் கட்டும்வரை அது பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குப் பரவும்.

அந்தச் சிறுவனுக்கான கடிதம் இப்படி அமையும்:

பெறுநர்: வகுப்பு ஆசிரியர் அவர்கள், 4ஆம் வகுப்பு, ஆ பிரிவு.
பொருள்: விடுப்பு வேண்டுதல்.
மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகனுக்கு (பெயர், வருகை எண்) நேற்று இரவு முதல் காய்ச்சல் இருப்பதால் இன்று, 18.06.2025 முதல் அவனால் பள்ளிக்கு வர இயலவில்லை. மருத்துவரைப் பார்த்தபின் எத்தனை நாள் விடுப்பு என்பதைத் தெரிவிக்கிறேன். விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு, பெற்றோர் பெயர், கையொப்பம், தொலைபேசி எண்.

பிள்ளை திரும்பும் நாளில் மொத்த நாட்களையும் காரணத்தையும் குறித்து இரண்டாவது கடிதம் ஒன்று கொடுத்தனுப்ப வேண்டும். மருத்துவச் சான்று இருந்தால் அதையும் இணைப்பது நல்லது. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை தேவை. வருகை குறைந்து விலக்குக் கேட்கும் நிலை வந்தால் அப்போது பள்ளி கேட்பது இந்தத் தாள்களைத்தான்.